ஆத்தாவின் முதல் வாய்ஸ் நோட்: விரலை எப்போது எடுப்பது?

கேள்வி: ஆத்தாவுக்கு 74 வயது. தேவகோட்டைப் பக்கம் ஊரில், பெரிய வீட்டில் இருக்கிறார்கள். இத்தனை வருஷமும் பட்டன் போன்தான். இப்போது என் பழைய ஆண்ட்ராய்டு போனைக் கொடுத்திருக்கிறேன். சிங்கப்பூரில் இருக்கும் என் மகனுக்குப் பிள்ளையார் நோன்பன்று தன் குரலிலேயே வாட்ஸ்அப்பில் வாழ்த்து அனுப்ப ஆசைப்படுகிறார்கள். சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். ஒன்று, "அப்..." என்று ஒரு விநாடி மட்டும் போகிறது. இல்லாவிட்டால் முழுக்கப் பேசி முடித்தபின் எதுவுமே போகாமல் மறைந்துவிடுகிறது. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்:

ஆத்தாவுக்குப் புரிந்துதான் இருக்கிறது. தகராறு கட்டைவிரலில். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றே. மைக் படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டே பேசச் சொல்லியிருக்கிறீர்கள்.

வாட்ஸ்அப்பில் மைக்கை அழுத்தியிருக்கும் வரைதான் பதிவாகும். விரலை எடுத்த கணத்தில் அதுவரை பேசியது மறுமுனைக்குப் போய்விடும். பட்டன் போனில் பழகிய விரலுக்கு அமுக்கினால் உள்ளே போய்த் திரும்பி வரும் ஓர் உணர்வு உண்டு. கண்ணாடியில் அது கிடையாது. அமுங்கியதா இல்லையா என்று சந்தேகம் வந்து விரல் தானாக லேசாக எழும். அந்த இடத்தில்தான் "அப்" மட்டும் போகிறது. ஒரு விநாடிக்கும் குறைவாகத் தொட்டுவிட்டு எடுத்தால் அதுவும் போகாது. பிடித்துக்கொண்டு பேசு என்று ஒரு சிறு குறிப்பு திரையில் தோன்றி மறையும், அவ்வளவுதான். வயதானவர்களின் விரல்நுனித் தோல் வறண்டிருப்பதும் இதில் சேர்ந்துகொள்கிறது. இந்தத் திரை விரலின் மின்னூட்டத்தை உணர்ந்து வேலை செய்வது. வறண்ட தோலை அது விட்டுவிட்டு உணரும். ஆத்தா விரலை எடுக்காமலேயே, எடுத்துவிட்டதாக போன் நினைத்துக்கொள்ளும்.

முழுக்கப் பேசியும் காணாமல் போவது வேறு வழியில் நடக்கிறது. மைக்கைப் பிடித்திருக்கும்போது விரல் இடது பக்கம் நகர்ந்தால் பதிவை ரத்து செய்துவிடும். மைக் இருப்பது திரையின் வலது கீழ் மூலையில். வலது கையில் போனைப் பிடித்துக் கட்டைவிரலால் அழுத்துகிறவருக்கு, விரல் களைத்தால் அது உள்ளங்கைப் பக்கமாக, அதாவது இடப்பக்கமாகத்தான் சரியும். கொஞ்சம் நடுக்கம் இருந்தால் கேட்கவே வேண்டாம். இதற்குமேல், போன் என்றால் காதில் வைத்துப் பேசுவது என்ற பழக்கம். பாதிப் பேச்சில் கை போனைக் காதுக்குத் தூக்கும், விரல் இடம் மாறும், பேசியது அழிந்துவிடும்.

ஆகவே பிடித்துக்கொண்டு பேசுவதை ஆத்தாவுக்குச் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். பூட்டிவிட்டுப் பேசும் முறையை மட்டும் காட்டுங்கள். மைக்கை அழுத்தியதும் அதற்கு மேலே ஒரு சிறிய பூட்டுப் படம் தோன்றும். அழுத்திய விரலை எடுக்காமல் நேராக மேலே, அந்தப் பூட்டை நோக்கித் தள்ளினால் பதிவு பூட்டிக்கொள்ளும். அதன்பின் விரலை எடுத்துவிடலாம். போனை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையும் மடியில் இருக்க, நிதானமாகப் பேசலாம். முடிந்ததும் அம்புக்குறியைத் தொட்டால் போகும். பேசுவது, அனுப்புவது இரண்டும் தனித்தனி வேலையாகிவிடுகின்றன. உங்கள் சிக்கல் முழுவதும் அவை ஒரே விரலில் ஒட்டிக்கொண்டிருந்ததுதான்.

ஆத்தாவைக் கூப்பிட்டு உட்காரவைப்பதற்கு முன்னால் போனைத் தயார் செய்துவிடுங்கள். கற்றுக்கொள்கிறவர் முன்னால் செட்டிங்கைத் தோண்டிக்கொண்டிருந்தால், இது பெரிய வித்தை, நமக்கு ஆகாது என்ற எண்ணம் முதல் ஐந்து நிமிடத்திலேயே வந்துவிடும். முதலில் மைக் அனுமதி. முதன்முறை மைக்கைத் தொடும்போது ஒலிப்பதிவுக்கு அனுமதி தரலாமா என்று போன் கேட்கும். ஆங்கிலத்தில் ஏதோ கேட்கிறதே என்று பயந்து Don't allow என்பதை யாராவது தொட்டிருக்கலாம். ஓரளவு புதிய ஆண்ட்ராய்டில் இரண்டு முறை மறுத்துவிட்டால் பிறகு கேட்கவே கேட்காது. Settings > Apps > WhatsApp > Permissions > Microphone என்று போய் Allow only while using the app என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்து மகனின் பெயர் கண்ணில் படும் இடத்துக்கு வர வேண்டும். வாட்ஸ்அப் பட்டியலில் அவர் பெயரை அழுத்திப் பிடித்தால் மேலே குண்டூசிப் படம் வரும். அதைத் தொட்டால் பெயர் எப்போதும் உச்சியிலேயே நிற்கும். இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் குரூப்பில் வந்து விழும் காலை வணக்கப் படங்களின் அடியில் பேரன் புதைந்து போவார். இதைவிட நல்ல வழியும் உண்டு. பெயரை அழுத்திப் பிடித்தபின் மூன்று புள்ளியைத் தொட்டால், பதிப்பைப் பொறுத்து Add chat shortcut என்றோ Add shortcut என்றோ இருக்கும். அதைக் கொடுத்தால் பேரன் முகம் போனின் முதல் திரையிலேயே ஒரு படமாக வந்து உட்கார்ந்துவிடும். முகத்தைத் தொட்டால் நேராக அவரிடம் போகலாம். வாட்ஸ்அப் என்று ஒன்று இருப்பதையே ஆத்தா தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

திரை அணையும் நேரத்தை Settings > Display > Screen timeout என்ற இடத்தில் இரண்டு நிமிடமாகவாவது கூட்டுங்கள். பெரும்பாலும் 30 விநாடியில் இருக்கும். என்ன பேசலாம் என்று ஆத்தா யோசிக்கும் நேரத்துக்கு அது போதாது. போனுக்குப் புத்தகம் போல் மூடும் உறை போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். கீழ்விளிம்பில் சார்ஜர் துளைக்குப் பக்கத்தில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும், அதுதான் மைக். பழைய போன் என்பதால் அதில் தூசி அடைத்திருக்கலாம். நீங்களே பத்து விநாடி பேசிப் போட்டுக் கேளுங்கள். பானைக்குள் இருந்து வருவதுபோல மங்கலாகக் கேட்டால், மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஊசியால் குத்தக்கூடாது.

இனி சொல்லிக்கொடுக்கும் வரிசை. இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். வழக்கமாக நாம் போனைத் திற, வாட்ஸ்அப்பைத் திற, பெயரைத் தேடு என்று ஆரம்பிப்போம். அனுப்புகிற இடத்துக்கு வருவதற்குள் ஆத்தா களைத்துவிடுவார்கள், முதல் படியும் மறந்துவிடும். கை வேலை கற்றுத்தரும் சிகிச்சையாளர்கள் பலர் கடைசிப் படியிலிருந்து பின்னோக்கி வருவார்கள். முதல் தடவையிலேயே வேலை முடிந்த திருப்தி கிடைத்துவிடும் என்பதுதான் காரணம்.

முதல் நாள் ஆத்தா போனில் நீங்களே உங்கள் பெயரைத் திறந்து, மைக்கை அழுத்தி, மேலே தள்ளிப் பூட்டிவிட்டு, போனை ஆத்தா முன்னால் மேசையில் வையுங்கள். இப்போது திரையின் கீழே விநாடி ஓடிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் குப்பைத்தொட்டி, நடுவில் நிறுத்தி வைக்கும் இரட்டைக் கோடு, வலப்பக்கம் பச்சையில் அம்பு. "ஆத்தா, பேசுங்க. முடிச்சதும் இந்தப் பச்சையைத் தொடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். குப்பைத்தொட்டி எதற்கு, கோடு எதற்கு என்று இன்று விளக்க வேண்டாம். பேசுவார்கள், தொடுவார்கள், போய்விடும். முதல் நாள் பாடம் அதோடு முடிந்தது. அனுப்பியது முழுக்க அவர்களே.

இந்தப் பயிற்சிக்கு மகனை இழுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்ளும் வசதி இருக்கிறது, பட்டியலில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் (You) என்று வரும். ஆனால் இந்தக் காரியத்துக்கு அது உதவாது. தன் போனிலிருந்து தன் போனுக்கே போனால், போய்ச் சேர்ந்தது என்பது ஆத்தாவுக்கு எப்படித் தெரியும்? உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் எழுந்து இரண்டாம் கட்டுக்குப் போய் நின்று, வந்ததும் சத்தமாகப் போட்டுக் காட்டுங்கள். தன் குரல் வீட்டின் இன்னொரு மூலையிலிருந்து கேட்டால், வாய்ஸ் நோட் என்றால் என்ன என்று தனியாக விளக்கவே தேவையில்லை.

அப்போது ஆத்தா "இது என் குரலா? இப்படியா இருக்கு?" என்று முகம் சுளிக்கலாம். யாருக்கும் தன் குரலைப் பதிவில் கேட்டால் அப்படித்தான் இருக்கும். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் காதுக்கு வருவதில்லை. மண்டையோட்டு எலும்பு வழியாகவும் அதிர்ந்து உள்ளே வருகிறது. அந்தக் கனம் பதிவில் இருக்காது, அதனால் மெலிந்து கேட்கும். "எங்களுக்கெல்லாம் எப்பவும் இப்படித்தான் கேட்குது ஆத்தா" என்று சொல்லிவிடுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால் திருப்பித் திருப்பிப் பேசி, கடைசியில் வேண்டாமென்று வைத்துவிடுவார்கள்.

இரண்டாம் நாள் பூட்டும் அசைவு. நேரத்தை எடுக்கப்போவது இதுதான். இங்கே அவசரப்படாதீர்கள். போன் கையில் இருக்க வேண்டாம். நழுவாமல் இருக்க மேசையில் ஒரு துணியை விரித்து அதன்மேல் மல்லாக்க வையுங்கள். இடது கை போனின் இடது ஓரத்தைப் பிடித்துக்கொள்ளட்டும். அழுத்துவது வலது ஆள்காட்டி விரல். கட்டைவிரல் பக்கவாட்டில்தான் நன்றாக வளையும். ஆள்காட்டி விரலால் நேராக மேல்நோக்கிக் கோடு இழுக்க முடியும், ஆத்தா கோலம் போட்ட விரல் அது. நகம் படாமல் விரலின் சதைப்பகுதி பட வேண்டும், நகத்தைத் திரை உணராது. தோல் ரொம்ப வறண்டிருந்தால் ஈரத்துணியில் விரலை ஒருமுறை ஒற்றிவிட்டுத் தொடச் சொல்லுங்கள். சொட்டும் ஈரமும் ஆகாது. அடுப்படியிலிருந்து எண்ணெய்க் கையோடு வந்தால் விரல் வழுக்கிக்கொண்டு போகும்.

அசைவை ஒரே மூச்சில் சொல்லாதீர்கள். அழுத்தி மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணச் சொல்லுங்கள். பூட்டுப் படம் மேலே வந்ததா என்று கண்ணால் பார்க்கட்டும். பிறகு இரண்டு விரல்கடை தூரம் நேரே மேலே. பிறகுதான் விரலை எடுப்பது. எடுத்தபின் குப்பைத்தொட்டியும் பச்சை அம்பும் தெரிந்தால் பூட்டிவிட்டது. தெரியாவிட்டால் பூட்டவில்லை. ஒரு விநாடித் துண்டு ஒன்று போயிருக்கும், உங்கள் போனுக்குத்தானே, போகட்டும். மேலே போகும்போது விரல் சாய்ந்து இடப்பக்கம் போகிறதா என்று பாருங்கள். போனால் போனையே கொஞ்சம் திருப்பி வையுங்கள். ஆத்தாவின் முழங்கை இருக்கும் கோணத்துக்கு, மைக்கிலிருந்து பூட்டு வரை உள்ள கோடு நேராக அமைய வேண்டும். விரலைத் திருத்துவதைவிடப் போனைத் திருப்புவது சுலபம்.

அவர்கள் விரலைப் பிடித்து நீங்கள் இழுக்கக் கூடாது. இழுத்தால் அந்த ஒருமுறை வேலை நடக்கும். ஆனால் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு தூரம் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியாமலே போய்விடும். உங்கள் போனைப் பக்கத்தில் அதே திசையில் வைத்து நீங்கள் செய்துகாட்டுங்கள், அவர்கள் பார்த்துச் செய்யட்டும். எதிரே உட்கார்ந்து காட்டினால் இடம் வலம் மாறிப்போகும்.

மூன்றாவது பாடம், பேரன் முகத்தைத் தொட்டுத் திறப்பது. இதில் ஒன்றும் இல்லை. உள்ளே போனதும் மேலே இருக்கும் போன் படத்தையும் வீடியோ படத்தையும் தொடக்கூடாது என்பது மட்டும்தான். தொட்டுவிட்டால் அழைப்பு போய்விடும். "சிவப்பு வட்டத்தைத் தொட்டா நின்னுரும்" என்று ஒருமுறை வேண்டுமென்றே அழைத்து நிறுத்திக் காட்டிவிடுங்கள். நடு ராத்திரியில் பேரனை எழுப்பிவிட்டோமே என்ற பதற்றம் வந்துவிட்டால் அப்புறம் போனையே தொடமாட்டார்கள்.

இந்தத் திரையில் இன்னொரு சில்லறைத் தொல்லை இருக்கிறது. அது தெரியாவிட்டால் மணிக்கணக்கில் முழிக்க வேண்டி வரும். சில நேரம் மைக் படமே இருக்காது, அந்த இடத்தில் அம்பு இருக்கும். எழுதும் கட்டத்தில் கை தவறி ஓர் எழுத்தோ வெறும் புள்ளியோ விழுந்திருக்கும். எழுத்து இருந்தால் வாட்ஸ்அப் மைக்கை எடுத்துவிட்டு அனுப்பும் அம்பை வைத்துவிடும். அந்த எழுத்தை அழித்ததும் மைக் திரும்பி வரும்.

இனி பேசுவது. எங்கே உட்கார்ந்து பேசுவது என்பது உங்கள் ஊர் வீட்டில் ஒரு கேள்விதான். வளவில் பளிங்குத் தரையும் உயரமான கூரையும் வழுவழுவென்ற சுண்ணாம்புச் சுவரும் சேர்ந்து குரலைத் திருப்பி அடிக்கும். நேரில் பேசும்போது அது நமக்கு உறைக்காது. பதிவில் வார்த்தையோடு வார்த்தை மோதும். திறந்த முற்றத்துக் காற்றும் புறாச் சத்தமும் வேறு. முகப்பில் உட்கார்ந்தால் தெருவில் போகும் வண்டிச் சத்தம். மெத்தையும் துணிமணியும் இருக்கும் ஒரு சின்ன அறைதான் சரியான இடம், துணி எதிரொலியை விழுங்கிவிடும். மின்விசிறிக்கு நேர் கீழே வேண்டாம். மைக்கில் காற்று அடித்தால் கரகரவென்று பதிவாகும்.

போன் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கீழ்விளிம்பு அவர்கள் பக்கம் பார்த்து இருக்கட்டும். பட்டன் போன் காலத்தில் வெளிநாட்டுக்குக் கத்திப் பேசிய பழக்கம் இருக்கும். இதில் கத்தினால் குரல் உடைந்து கேட்கும். எதிரே உட்கார்ந்திருக்கும் உங்களிடம் பேசுகிற சத்தமே போதும். பூட்டியதும் ஒரு மூச்சு விட்டுவிட்டு ஆரம்பிக்கட்டும். முடித்ததும் இன்னொரு மூச்சு கழித்துப் பச்சையைத் தொடட்டும். இல்லாவிட்டால் கடைசி வார்த்தை பாதியில் வெட்டுப்படும்.

என்ன பேசுவது என்பதை எழுதிக் கொடுக்காதீர்கள். எழுதியதைப் படித்தால் ஆத்தாவின் குரல் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் குரல் ஆகிவிடும். இருபது விநாடிக்கு நாலு வாக்கியம் தாராளம். பேச்சு ஓடாவிட்டால் முன்கூட்டியே ஒருமுறை சும்மா பேசிப் பார்க்கட்டும். "அப்பு, அப்பத்தா பேசுறேன். இன்னைக்குப் பிள்ளையார் நோன்பு. அங்க இழை எடுத்துக்கிட்டியா? இங்க ஒனக்கும் சேத்துப் பிள்ளையார்கிட்டச் சொல்லியிருக்கேன், நல்லா இருக்கணும்" என்ற அளவு போதும். கேள்வி ஒன்று அதில் இருப்பது நல்லது. கேள்விக்குப் பதில் வரும், பதில் வந்தால் அடுத்த வாய்ஸ் நோட் தானாக வரும். பேசும்போது பக்கத்திலிருந்து நீங்கள் அடியெடுத்துக் கொடுத்தால் அந்தக் கிசுகிசுப்பும் பதிவாகும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆத்தாவுக்குக் கை பழகியபின் நடுவிலிருக்கும் இரட்டைக் கோட்டைக் காட்டலாம். பேச வேண்டியது மறந்துபோனால் அதைத் தொட்டு நிறுத்தி, யோசித்துவிட்டு, மைக்கைத் தொட்டு அதே பதிவைத் தொடரலாம். நிறுத்திய நிலையில் அதுவரை பேசியதைப் போட்டுக் கேட்கவும் முடியும். பிடிக்காவிட்டால் குப்பைத்தொட்டி. அதே வரிசையில் வட்டத்துக்குள் 1 என்று ஒரு குறி தெரியலாம். அதைத் தொட்டுவிட்டு அனுப்பினால் மறுமுனையில் ஒரே ஒரு தடவைதான் கேட்க முடியும், அப்புறம் இருக்காது. அனுப்பியவரும் திருப்பிக் கேட்க முடியாது. அப்பத்தாவின் முதல் வாழ்த்து அப்படிப் போகக்கூடாது. நோன்பன்று பேசும்போது அந்த 1 நிறம் மாறாமல் இருக்கிறதா என்று நீங்கள் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

அனுப்பியபின் என்ன நடக்கிறது என்பதையும் ஆத்தாவுக்குச் சொல்ல வேண்டும். பதிவு செய்ய சிக்னல் தேவையில்லை, அனுப்பத்தான் தேவை. செட்டிநாட்டு வீடு ஒரு தெருவிலிருந்து அடுத்த தெரு வரை நீளும். சுவரோ அரை ஆள் கனம். முகப்பில் வைத்த வைஃபை பெட்டி இரண்டாம் கட்டையே எட்டிப் பார்க்காது, உள்ளறையில் மொபைல் சிக்னலும் சோர்ந்துபோகும். அந்த நேரத்தில் அனுப்பிய வாய்ஸ் நோட்டின் ஓரத்தில் சின்னக் கடிகாரம் நிற்கும். போகவில்லை என்று மறுபடி மறுபடி பேச வேண்டாம். போனை எடுத்துக்கொண்டு முகப்புக்கோ வளவின் திறந்த பக்கத்துக்கோ வந்தால் தானாகவே போய், கடிகாரம் ஒற்றை டிக் ஆகும். சின்ன அறையில் பேசு, முகப்பில் வந்து அனுப்பு என்றே பழக்கிவிடலாம். இரண்டு டிக் வந்தால் பேரன் போனுக்குப் போய்விட்டது. அந்த வாய்ஸ் நோட்டில் இருக்கும் குட்டி மைக் படம் நீலமானால் பேரன் போட்டுக் கேட்டுவிட்டார் என்று அர்த்தம். நீல டிக் வராதபடி அணைத்து வைத்திருப்பவருக்குக்கூட இந்த நீல மைக் வந்துவிடும், அதை அணைக்க வழியில்லை. ஆத்தா டிக்கை எண்ண வேண்டாம், "மைக் நீலமாச்சா" என்று மட்டும் பார்த்தால் போதும்.

தவறி குரூப்பில் போய்விட்டால் பதறத் தேவையில்லை. அந்த வாய்ஸ் நோட்டை அழுத்திப் பிடித்து, மேலே வரும் குப்பைத்தொட்டியைத் தொட்டு, Delete for everyone கொடுத்தால் எல்லார் போனிலிருந்தும் போய்விடும். அனுப்பி இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான நேரம் வரை இதைச் செய்யலாம். அவசரத்தில் Delete for me என்பதைத் தொட்டால் ஆத்தா போனில் மட்டும்தான் அழியும், மற்றவர்களிடம் அப்படியே இருக்கும். தொட்ட உடனே சில விநாடிக்குக் கீழே Undo என்று வரும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். இந்த வேலையை ஆத்தாவுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், நீங்கள் செய்துவிடுங்கள்.

பேரனின் பதிலைக் கேட்பதும் பாதிப் பாடம். முக்கோணத்தைத் தொட்டால் ஒலிக்கும். ஆத்தா போனைக் காதுக்குக் கொண்டு போவார்கள். போனதும் சத்தம் காதில் வைக்கும் ஸ்பீக்கருக்கு மாறி, திரை கறுத்துவிடும். முகம் பக்கத்தில் வந்ததை உணரும் கருவி செய்யும் வேலை அது, போன் கெட்டுப்போகவில்லை. உண்மையில் காது மந்தமானவர்களுக்கு அப்படிக் கேட்பது வசதி. பேரன் தடதடவென்று பேசுவதாகத் தோன்றினால் ஓடும்போது பக்கத்தில் தெரியும் எண்ணைப் பாருங்கள். 1.5× அல்லது 2× என்று இருந்தால் கை பட்டு வேகம் கூடியிருக்கிறது. அதையே தொட்டுத் தொட்டு 1× ஆக்கிவிடுங்கள். மகனிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பதிலை எழுத்தில் அனுப்பாமல், இருபது விநாடிக்குள், நிறுத்தி நிதானமாகப் பேசி அனுப்பட்டும்.

நோன்பு நாளுக்கு வருவோம். திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் நூல் எடுத்து, மார்கழியில் இழை எடுத்துக்கொள்ளும் நேரம் பெரும்பாலும் அந்தி சாய்ந்து போய்விடும். சிங்கப்பூர் மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. இங்கே எட்டு மணிக்கு எல்லாம் முடிந்து ஆத்தா உட்காரும்போது அங்கே பத்தரை. போன் போட்டால் மகன் தூங்கியிருக்கலாம், வாய்ஸ் நோட் என்றால் விடிந்ததும் கேட்டுக்கொள்வார். ஆனால் அங்கே இழை எடுப்பதற்கு முன் அப்பத்தா குரல் போய்ச் சேர வேண்டுமானால் இங்கே மாலை நாலு மணிக்குள் பேசிவிட வேண்டும். அடுப்படி வேலை ஆரம்பிக்கும் முன், கையில் மாவு படுவதற்கு முன், வீட்டில் ஆள் சேருவதற்கு முன் என்று பார்த்தாலும் அந்த நேரமே தோது. கார்த்திகையன்றே பாடத்தை ஆரம்பித்துவிட்டால் இடையில் 21 நாள் கிடைக்கிறது. நாள்தோறும் நூல் எடுத்து வைத்ததும் உங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட், "இன்னைக்கு நூல் எடுத்தாச்சு" என்று. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம்.